வாசிப்புக் கட்டுரைகளைத் திருத்திக் களைத்தவளின் திறந்த மடல்

மலையகப் பாடசாலைகளில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும், மாதிரிக் கட்டுரைகளைத் தொகுத்துப் பிள்ளைகளுக்கு விற்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

தவணைப் பரீட்சை முடிந்து, தரம் பத்தின் விடைத்தாள் கட்டு என் வீட்டு மேசைக்கு வந்த இரவில் இந்த மடலை மனத்துக்குள் எழுதத் தொடங்கினேன். வெளியே மூடுபனி. உள்ளே நானும் சிவப்புப் பேனையும். கட்டுரை வினா எல்லாருக்கும் பழகிய வினாதான்: வாசிப்புப் பழக்கத்தின் பயன்களை முன்னுரை, பொருளுரை, முடிவுரை அமைய எழுதுக. முதல் தாளைப் பிரித்தேன். "வாசிப்பு மனிதனைப் பூரண மனிதனாக்குகிறது என்றார் ஓர் அறிஞர்." இரண்டாவது தாளிலும் அதே வாக்கியம். மூன்றாவதில் அறிஞருக்குப் பெயர் வந்தது. ஆறாவதில் அவர் காந்தியாகிவிட்டார். பாதிக் கட்டைத் தாண்டுவதற்குள், ஒரே வாக்கியத்தைச் சொன்ன நான்கு பெரியவர்களை எனக்குத் தெரிந்துவிட்டது.

அதைச் சொன்னவர் பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயர். 1597இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில், கல்வியைப் பற்றிய கட்டுரையில் அந்த வரி வருகிறது. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. வாசிப்பு மனிதனை நிறைவாக்கும், உரையாடல் அவனை எதற்கும் ஆயத்தமாக்கும், எழுத்து அவனைத் துல்லியமானவனாக்கும் என்று மூன்று துண்டாகச் சொன்னார். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைக்கு மூன்றாவது துண்டே மிகவும் வேண்டியது. நாம் அதை வெட்டிவிட்டு, முதல் துண்டைப் பதாகையில் எழுதி ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் தொங்கவிட்டோம். பிள்ளைகள் பதாகையைப் பார்த்து எழுதினார்கள். குற்றம் அவர்களுடையதல்ல என்பதால்தான் மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனையைச் சொல்கிறேன். அன்றிரவு சலிப்பில் நான் செய்து பார்த்த விளையாட்டுத்தான் அது. ஒரு தாளில் இப்படி இருந்தது: "வாசிப்பு மனித வாழ்வுக்கு இன்றியமையாதது. வாசிப்பின் மூலம் அறிவு வளர்கிறது. மேலும் வாசிப்பு மன அமைதியைத் தருகிறது. அத்துடன் வாசிப்பு நல்லொழுக்கத்தை வளர்க்கிறது. அதுமட்டுமன்றி வாசிப்பினால் ஓய்வு நேரம் பயனுள்ளதாகிறது." இதில் வாசிப்பு என்று வரும் இடங்களிலெல்லாம் விளையாட்டு என்று போட்டு வாசித்துப் பாருங்கள். ஒரு சொல்கூட இடறாது. இசை என்று போடுங்கள், தோட்டக்கலை என்று போடுங்கள், அப்போதும் இடறாது. எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற பந்தி எந்தப் பொருளையும் பற்றியதல்ல. திருத்துபவர் இதற்கு ஒன்றும் குறைக்க முடியாமல், ஒன்றும் கொடுக்கவும் முடியாமல் நடுவில் ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார். நம் பிள்ளைகள் இந்த நடுப்புள்ளியில் நெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கிறார்கள்.

"மேலும்", "அத்துடன்", "அதுமட்டுமன்றி" என்ற மூன்று படிகளையும் கவனியுங்கள். இணைப்புச் சொல் படிப்பிக்கும்போது இவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் கொடுத்தவள் நான்தான். இரண்டு கருத்துக்கும் என்ன உறவு என்பதை இவை சொல்வதில்லை, இன்னும் ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்கின்றன. "ஆனால்", "அதனால்தான்", "இல்லாவிட்டால்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அங்கே யோசனை நடந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டு முழுவதிலும் "ஆனால்" என்ற சொல்லை ஏழெட்டு இடங்களில்தான் கண்டேன்.

அடுத்தது, வினாவை வாசிக்காத குறை. வாசிப்பைப் பற்றிய கட்டுரையில் இது வேடிக்கைதான். தலைப்பில் வாசிப்பு, பழக்கம், பயன் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் முதலாவதைக் கல்வி என்று எடுத்துக்கொண்டு கல்வியின் சிறப்பை எழுதுகிறார்கள். கடைசிச் சொல்லுக்காகப் பயன்களை அடுக்குகிறார்கள். நடுவில் இருக்கும் பழக்கத்தை எவரும் தொடுவதில்லை. கட்டுரையின் உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஒரு தடவை வாசிப்பதால் கிடைப்பது வேறு, நாள்தோறும் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வாசிப்பதால் கிடைப்பது வேறு. முதல் தடவை செய்ய முடியாத எதை இருபதாவது தடவை செய்ய முடிகிறது? இந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் ஒரு பதில் இருந்தால் பொருளுரை கிடைத்துவிட்டது.

அந்தக் கட்டில் இருந்த ஒரு தாளின் கதையைச் சொல்கிறேன். அவள் பெயரும் பாடசாலையின் பெயரும் வேண்டாம். தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிப்பவர். அவளுடைய கட்டுரையும் பூரண மனிதனில் தொடங்கி "ஆகவே நாமும் வாசிப்போம், வாழ்வில் உயர்வோம்" என்று முடிந்திருந்தது. விடைத்தாள் கொடுத்த அன்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கடைசியாக நீ எதை வாசித்தாய்?"

"பாடப் புத்தகம் டீச்சர்."

"அதை விடு. பாடசாலைக்கு வெளியே, யாரும் சொல்லாமல்?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, சொல்லத் தகாத ஒன்றைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்: "அம்மாவின் சம்பளத் துண்டு."

அது வாசிப்பில் சேராது என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைக்க வைத்தவர்கள் நாம். வாசிப்பு என்றால் நூலகம், அறிஞர், மேற்கோள் என்று சொல்லிக் கொடுத்த பிறகு, லயத்து அறையில் மின்குமிழுக்குக் கீழே நடக்கும் வாசிப்பு பிள்ளையின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அவளை உட்கார வைத்து, முதல் ஆறு நிமிடம் எதையும் எழுதாதே, அந்தத் துண்டைப் பற்றி உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல் என்றேன். ஆறு நிமிடம் என்பது நான் வகுப்பில் வைத்திருக்கும் கணக்கு. கட்டுரைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால் முதல் ஆறு யோசிக்க, கடைசி ஐந்து பிழை பார்க்க, மிச்சம் எழுத. யோசிக்கும் நிமிடங்களைத்தான் பிள்ளைகள் முதலில் விழுங்குகிறார்கள், மனனம் செய்த கட்டுரைக்கு யோசனை தேவைப்படாததால்.

அவள் மறுபடி எழுதிய முன்னுரை இது:

"ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி அம்மா சம்பளத் துண்டைக் கொண்டுவந்து என் புத்தகப் பையின் மேல் வைப்பார். அதை வாசித்துச் சொல்வது என் வேலை. முதல் மாதம் அதற்கு ஒரு மாலை முழுவதும் போனது. இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன். அந்த மாலைக்கும் இந்தத் தேநீருக்கும் இடையில் என்ன நடந்தது என்பதையே எழுதப் போகிறேன்."

ஐந்து வாக்கியங்கள். வரைவிலக்கணம் இல்லை, மேற்கோள் இல்லை, "இன்றைய நவீன உலகிலே" இல்லை. ஆனால் தலைப்பின் மூன்று சொற்களும் வந்துவிட்டன. வாசிப்பு துண்டில் இருக்கிறது, பழக்கம் "ஒவ்வொரு மாதமும்" என்பதில் இருக்கிறது, பயன் ஒரு மாலை தேநீர் நேரமாகச் சுருங்கியதில் இருக்கிறது. கட்டுரை எங்கே போகப்போகிறது என்பதும் கடைசி வாக்கியத்தில் தெரிகிறது. முன்னுரைக்கு வேறு வேலை கிடையாது. அது நீளமாக இருந்தால் பொருளுரைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சந்தேகப்படலாம். என் அனுபவத்தில் அந்தச் சந்தேகம் பொய்த்ததில்லை.

பொருளுரையின் முதல் பந்தி:

"துண்டில் 'கழிவுகள்' என்று ஒரு நிரல் இருந்தது. அம்மாவின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு ரூபாய் அங்கே குறைந்திருந்தது. அதை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள் என்றே அம்மா இத்தனை காலமும் நம்பியிருந்தார். ஒருநாள் கருவாடு சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி எழுதியிருந்தது. அந்த எட்டு ரூபாய் அம்மாவின் பெயரிலேயே சேர்கிறது, வேலை கொடுப்பவரும் தம் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் போட வேண்டும் என்று அதில் வாசித்தேன். துண்டை மட்டும் வாசித்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. பத்திரிகையை மட்டும் வாசித்திருந்தால் இது என் அம்மாவைப் பற்றியது என்று தெரிந்திருக்காது."

கடைசி இரண்டு வாக்கியங்களை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசிப்பு அறிவை வளர்க்கிறது என்று அத்தனை பேரும் எழுதினார்கள். அறிவு எப்படி வளர்கிறது என்று எழுதியவள் இவள் ஒருத்திதான். வாசித்த ஒன்று வாசித்த இன்னொன்றோடு போய் ஒட்டுகிறது, ஒட்டிய இடத்தில் புதிதாக ஒன்று தெரிகிறது. வாசிப்பு பழக்கமாக இருந்தால்தான் ஒட்டுவதற்கு இன்னொன்று கையில் இருக்கும். நான் பல வருடம் படிப்பித்தும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

இரண்டாவது பந்தியில் அவள் 'கழிவு' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டாள். வாசிப்பால் சொல்வளம் பெருகும் என்று ஒரே வரியில் எழுதிப் போகிற இடம் அது. அவள் இப்படி எழுதினாள்:

"கழிவு என்ற சொல்லை அதற்கு முன் பாடசாலைக் குப்பைத் தொட்டியில் வாசித்திருந்தேன். அதனால் அம்மாவின் பணம் குப்பைக்குப் போகிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு ஹட்டன் கடைத்தெருவில் 'விலைக்கழிவு' என்று கண்டேன். ஒன்று எறிவது, ஒன்று குறைத்துக் கொடுப்பது, ஒன்று குறைத்து எடுப்பது. மூன்று இடத்திலும் வாசித்த பிறகுதான் மூன்றுக்குள்ளும் கணிதப் பாடத்துக் கழித்தல் இருப்பது தெரிந்தது. இனி இந்தச் சொல்லை நான்காவது இடத்தில் கண்டாலும் பயப்பட மாட்டேன்."

ஒரே சொல்லை மூன்று இடத்தில் சந்தித்தால் அதன் எல்லை பிடிபடுகிறது. அகராதியைத் திறந்து பொருளை எழுதி வைப்பதால் இது நடப்பதில்லை. சொல்வளம் என்று நாம் சொல்வது இப்படித்தான் வருகிறது, ஒரு சொல்லும் மூன்று சந்திப்புமாக. "சொல்வளம் பெருகும்" என்று எழுதிய மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உனக்குப் பெருகிய சொல் ஒன்றைச் சொல் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது பந்தி எனக்குக் கொஞ்சம் வலித்தது. பாடசாலை நூலக அலுமாரியில் அவள் எடுத்த கதைப் புத்தகம் ஒன்றில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தனவாம். தம்பிக்கு அந்தக் கதையைச் சொன்னபோது முடிவைத் தானே கட்டிச் சொன்னாளாம். அடுத்த நாள் தம்பி வேறு முடிவு கேட்டான், வேறொன்று சொன்னாள். "நான்கு முடிவு சொன்ன பிறகு, உண்மையான முடிவு எது என்று தேட வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லாமல் போனது" என்று எழுதியிருந்தாள். வாசிப்பு கற்பனையை வளர்க்கிறது என்ற பழைய வரிக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? ஆனால் அந்த அலுமாரிக்குப் பூட்டு இருக்கிறது. ஒக்டோபர் மாதத்தில் கண்காட்சிக்காகப் புத்தகங்களை வெளியே எடுத்து மேசை விரிப்பின் மேல் அடுக்குகிறோம், பிள்ளைகள் வரிசையில் வந்து அட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், நவம்பரில் திரும்பவும் பூட்டுகிறோம். புத்தகம் பழுதாகிவிடும், கணக்கெடுப்பில் குறையும் என்று பயம். பயம் நியாயமானதுதான், காணாமல் போகும் புத்தகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். கிழிந்த புத்தகம் ஒன்று இவளுக்கு என்ன செய்தது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வழியிருந்தால் நன்றாக இருக்கும்.

இனி மேற்கோளுக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் உங்களில் பலர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். குறள் இல்லாத கட்டுரைக்குப் புள்ளி வராது என்பது நம் வட்டாரத்தில் வேரூன்றிய நம்பிக்கை. நான் குறளுக்கு எதிரியல்ல. ஆனால் அந்தக் கட்டில் பதினான்கு தாள்களில் இந்தக் குறளைக் கண்டேன்:

நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும்
பண்புடை யாளர் தொடர்பு

"நூல்களை வாசிக்க வாசிக்க இன்பம் பெருகும் என்கிறார் வள்ளுவர்" என்று எழுதியிருந்தார்கள். அவர் சொல்ல வந்தது அதுவல்ல. இது நட்பு அதிகாரத்துக் குறள். நல்லவர்களோடு பழகப் பழக அந்த உறவு இனிக்கும் என்பதே செய்தி, நூலின் நயம் அதற்கு உவமை. எடுத்தாளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உவமையாகச் சொல்லும் அளவுக்கு வாசிப்பின் இன்பம் அவர் காலத்திலேயே எல்லாரும் அறிந்ததாக இருந்திருக்கிறது என்று ஒரு பிள்ளை எழுதினால் எழுந்து நின்று புள்ளி போடுவேன். குறளின் தலையையும் வாலையும் மாற்றிப் பிடித்தால் மட்டும் குறைப்பேன்.

இன்னும் பலர் மணற்கேணிக் குறளை எழுதியிருந்தார்கள். தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணி போலக் கற்கக் கற்க அறிவு ஊறும் என்பது. பழக்கத்துக்கு இது பொருந்துகிற குறள், தோண்டுவதை நிறுத்தினால் ஊற்றும் நின்றுவிடும் என்பதால். ஆனால் அந்தப் பொருத்தத்தை எவரும் சொல்லவில்லை, குறளை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டார்கள். இதை வகுப்பில் விளக்கியபோது பின் வாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், எங்கள் தொங்கலில் பீலிதானே, தோண்டாமலே தண்ணீர் வருகிறதே?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதையே எழுது என்றேன். பீலிக்கரையில் தண்ணீர் தானாக விழுகிறது, குடத்தை நேராக வைத்தால் போதும். மணற்கேணியில் கை நோகத் தோண்ட வேண்டும். தொலைபேசித் திரையில் தானாக வந்து விழுவதைப் பார்ப்பதற்கும் புத்தகம் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதற்குமேல் யார் சொல்வது? அந்தப் பையன் வழக்கமாக நாற்பதைத் தாண்டாதவன்.

மொழிப் பிழைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். இந்தத் தலைப்புக்கென்றே மூன்று பிழைகள் பிறக்கின்றன. "புத்தகங்கள் அறிவை தருகிறது" என்று எழுதுவது முதலாவது. பன்மை எழுவாய்க்குத் "தருகின்றன" வர வேண்டும், இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் ஒற்று மிக வேண்டும், ஆகவே "அறிவைத் தருகின்றன." இரண்டாவது, ஒரு பந்தியின் எல்லா வாக்கியங்களும் "பெறலாம், வளர்க்கலாம், உயரலாம்" என்று ஒரே வாலோடு முடிவது. நடந்த ஒன்றைப் பற்றி எழுதினால் இந்த வால் தானாக அறுந்துவிடும், "நினைத்தேன், கண்டேன், தெரிந்தது" என்று வினைமுற்றுகள் வேறுபடும். அந்தப் பெண்ணின் பந்திகளில் பாருங்கள். மூன்றாவது, தலைப்பையே பிழையாக எழுதுவது. வாசிப்பு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதற்குப் பின் வல்லினம் மிகும், ஆகவே வாசிப்புப் பழக்கம். வினாத்தாளில் சரியாக அச்சாகியிருக்கும் சொல்லைக் கீழே பிழையாக எழுதுகிறவருக்கு நான் இரக்கம் காட்டுவதில்லை.

முடிவுரைக்கு வருவோம். "ஆகவே நாமும் வாசிப்போம், உயர்வோம்" என்பது முடிவுரை அல்ல, ஊர்வலக் கோஷம். சொன்ன பயன்களை வேறு சொற்களில் இன்னொரு தடவை அடுக்குவதும் முடிவுரை அல்ல. முன்னுரையில் வைத்த பொருளைத் திரும்ப எடுத்து, இடையில் அது எப்படி மாறியது என்று காட்டினால் போதும் என்று அவளுக்குச் சொன்னேன். நீண்ட நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்:

"இந்த மாதம் பத்தாம் திகதி அம்மா துண்டை என் பையின் மேல் வைக்கவில்லை. தம்பியிடம் கொடுத்தார். அவன் 'கழிவுகள்' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் உடனே சொல்லவில்லை."

மூன்றாவது வாக்கியத்திலேயே முடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் "நான் உடனே சொல்லவில்லை" என்பதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு அது விளங்கியது. உடனே சொல்லிவிட்டால் தம்பிக்கு அந்த ஒரு மாலை கிடைக்காமல் போய்விடும்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு, மறைக்கப் போவதில்லை. வாக்கியமே அமைக்கத் தடுமாறும் பிள்ளைக்கு மனனக் கட்டுரை ஒரு ஊன்றுகோல். அதைப் பிடுங்கிவிட்டு உன் கதையை எழுது என்றால் வெறும் தாள்தான் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் முழுக் கட்டுரையை மனனம் செய்யச் சொல்வதில்லை, பந்தியின் எலும்பை மட்டும் கொடுக்கிறேன்: எதை வாசித்தேன், முதலில் என்ன விளங்கவில்லை, பிறகு எப்படி விளங்கியது. மூன்று கேள்விக்கும் இரண்டிரண்டு வாக்கியம் எழுதினால் ஒரு பந்தி ஆகிவிடும். வீட்டில் வாசிக்க ஒன்றுமே இல்லை என்று சொன்ன பிள்ளைகளும் உண்டு. தோண்டிக் கேட்டால் மருந்து உறையும், பஸ் பெயர்ப்பலகையும், கோயில் திருவிழா அறிவித்தலும் வரும். அவற்றிலும் கட்டுரை இருக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. சம்பளத் துண்டுக் கட்டுரையை நான் வகுப்பில் வாசித்துக் காட்டியதும் அடுத்த கிழமை நான்கு அம்மாக்களின் சம்பளத் துண்டுகள் என் மேசைக்கு வந்துவிட்டன. அதில் ஒருத்தியின் அம்மா தோட்டத்தில் வேலை செய்பவரே இல்லை. நல்ல மாதிரியும் மாதிரிதான் என்று அன்று கற்றுக்கொண்டேன். இப்போது எழுதிய கட்டுரையைக் காட்டுவதில்லை, கேள்வியை மட்டும் கேட்கிறேன். ஆகவே மாதிரித் தொகுப்பு நண்பர்களே, இந்த மடலில் உள்ள பந்திகளை உங்கள் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடாதீர்கள்.

திருத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அவளுடைய இரண்டாவது கட்டுரையைச் சக ஆசிரியர் ஒருவரிடம் பெயரை மறைத்துக் கொடுத்தேன். நேர்மையான மனிதர், என்னைவிட நன்றாக இலக்கணம் தெரிந்தவர். "நல்லாகத்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் மேற்கோள் இல்லை, சமுதாயத்துக்குச் செய்தி இல்லை, தன் கதையை எழுதியிருக்கிறாள்" என்று இரண்டு புள்ளி குறைத்தார். பிள்ளைகள் ஏன் பூரண மனிதனை விட மறுக்கிறார்கள் என்பது அந்த இரண்டு புள்ளியில் இருக்கிறது. தன் கதையை எழுதினால் குறையும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை துணிவாள்? உள்ளடக்கம், ஒழுங்கமைப்பு, நடை, எழுத்துப் பிழையின்மை என்று பார்ப்பவர்கள், உள்ளடக்கம் என்ற கூட்டுக்குள் மேற்கோளின் எண்ணிக்கையை வைத்து எண்ணுவதை விட்டுவிட வேண்டும். தன் தாளில் பிள்ளை எழுதிய ஒன்றை வேறு தாளில் காண முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அங்கே ஒரு புள்ளி கூடட்டும்.

அடுத்த தவணையில் இந்தத் தலைப்பைக் கொடுக்கும் முன், மாதிரியை நீட்டும் முன், ஒரே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். "யாரும் சொல்லாமல் கடைசியாக எதை வாசித்தாய்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். வரும் பதிலைத் திருத்தாதீர்கள், அது வாசிப்பில் சேராது என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், கரும்பலகையில் அப்படியே எழுதுங்கள். நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது வரி. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், சண்டையை அங்கிருந்து தொடருவோம்.

அன்புடன்,
தலவாக்கலைப் பக்கத்துத் தமிழாசிரியை ஒருத்தி

பி.கு.: மடலை முடித்த பிறகு அந்தத் தவணை வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். நான் மேலே சொன்னது பொய். "வாசிப்பு பழக்கத்தின் பயன்கள்" என்று ஒற்றில்லாமல்தான் அச்சாகியிருக்கிறது. வினாத்தாளைத் தயாரித்தவளும் அச்சுப்படியைப் பார்த்துக் கையெழுத்து வைத்தவளும் நானே. இரக்கம் காட்டாமல் குறைத்த புள்ளிகளைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.